ஆசிரியர் இல்லாமல் இங்கிலீஷ் உச்சரிப்பைத் திருத்துவது எப்படி? ஒரு போன், ஒரு நண்பர் போதும்!

பவானி ஜமக்காளத்தின் விலையை வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் போனில் சொல்கிறீர்கள். விலைக்கு 'ப்ரைஸ்'. பரிசுக்கும் 'ப்ரைஸ்'தான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. நம்மில் பலர் வாயிலும் ஒன்றாகத்தான் வருகிறது. சிக்கல் என்னன்னா, சொல்பவருக்கு அது தெரியாது. மனதில் நினைத்த சொல்லே காதிலும் விழும்.

அதனால்தான் ரெக்கார்டிங். விலை, பரிசு இரண்டையும் கலந்து, வரிசையில்லாமல் பத்து முறை சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். வரிசையைத் தனியே குறித்து வையுங்கள். உடனே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். உங்கள் குரலே அந்நியமாகத் தோன்றும். பேசும்போது மண்டையோட்டு எலும்பு வழியாகவும் சத்தம் காதுக்குப் போகிறது, பதிவில் அது இல்லை. அவ்வளவுதான் காரணம்.

அடுத்து நண்பர். ஈரோடு பஸ்ஸில் கூட வர்ற ஆபீஸ் தோழியே போதும், அவர் இங்கிலீஷில் புலியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் அவர் காதைச் சோதியுங்கள். ஆன்லைன் அகராதியில் ஸ்பீக்கர் பட்டனை அழுத்தி, இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிக் கேட்க வையுங்கள். அதிலேயே அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால், இருவரும் சில நாள் கேட்டுப் பழகிவிட்டுத் தொடருங்கள்.

இப்போது உங்கள் பதிவைக் கொடுங்கள். ஒவ்வொன்றும் விலையா, பரிசா என்று அவர் எழுதட்டும். முழு வாக்கியமாகச் சொல்லிவிடாதீர்கள், சூழலை வைத்தே ஊகித்துவிடுவார். பத்தில் ஐந்தாறு சரி என்றால் அது பூவா தலையா கணக்கு, நீங்கள் வேறுபடுத்தவே இல்லை. ஒன்பது வந்தால் வேறுபாடு கேட்கிறது.

ஐந்தில் நிற்கிறதா? 'பரிசு' சொல்லும்போது கடைசி 'ஸ்' ஒலியில் தொண்டை அதிர வேண்டும், வண்டு ரீங்கரிப்பதுபோல. தொண்டையில் விரல் வைத்தால் தெரியும். அதைவிட முக்கியம், நடுவில் வரும் 'ஐ'. பரிசில் அதை நீட்டுங்கள், விலையில் சட்டென வெட்டுங்கள். இங்கிலீஷ் காது பெரும்பாலும் இந்த நீளத்தை வைத்துத்தான் பிரிக்கிறது. திருத்தியதும் புது வரிசையில் மறுபடி பதிவு, மறுபடி சோதனை.

இந்த முறைக்கு ஒரு ஓட்டை உண்டு. மாத்திரைக்கான 'பில்', ரசீதுக்கான 'பில்' இரண்டையும் நம்மூர் நண்பர் பத்துக்குப் பத்து சரியாகச் சொல்லிவிடுவார். ஆனால் வெளிநாட்டுக்காரர் மாத்திரையை ரசீதாகக் கேட்கக்கூடும். 'பழம்' சொல்லும்போது வரும் அதே ப-வைத்தான் நாம் மாத்திரைக்கும் போடுகிறோம், அதில் காற்று வெளியேறாது. இங்கிலீஷில் சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலி காற்றோடு வரும். நமக்கும் நண்பருக்கும் ஒரே பழக்கம் என்பதால் இது இருவர் காதிலும் சிக்காது.

இதற்கு ஒரு டிஷ்யூ பேப்பரை உதட்டுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். மாத்திரைக்கு அது படபடக்க வேண்டும், ரசீதுக்கு அசையாமல் இருக்க வேண்டும்.