தாது வருஷம், தைப்பூசம், செவ்வாய்க்கிழமை

மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கே உள்ள தொடக்கப் பள்ளியின் நூற்றாண்டு விழாவை ஒட்டி, நாளிதழ் ஒன்று உள்ளூர்ப் பக்கத்தில் அரைப் பக்கக் கட்டுரை வெளியிட்டது. ஜில்லா போர்டு காலத்தில் அந்தப் பள்ளிக்கு வந்து, 1994-ல் அங்கிருந்தே ஓய்வுபெற்று, சில ஆண்டுகளுக்கு முன் காலமான ஒரு வாத்தியாரைப் பற்றி அதில் நல்லபடியாக எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு குறை. ‘1936-ல் பிறந்த இவர்’ என்று அச்சாகியிருந்தது. 1936 அல்ல, 1937 என்று அவருடைய பேத்தி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்.

ஓர் ஆண்டு வித்தியாசத்துக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று வீட்டிலேயே கேட்டார்களாம். வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஊர் வாத்தியாரைப் பற்றிப் பின்னாளில் யாராவது எழுத நினைத்தால், கையில் கிடைக்கப்போவது அந்தக் கட்டுரை ஒன்றுதான். நாளிதழில் வந்தது அடுத்து மலரில் வரும், மலரில் வந்தது கல்வெட்டில் ஏறும். அதோடு, இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று பார்த்தால், நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப் பேருடைய பிறந்த ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

நிருபர் மனம்போன போக்கில் எழுதவில்லை. விழா மலரில் ‘தாது வருடம் தைப்பூசத்தில் பிறந்தவர்’ என்று ஒரு வரி இருந்தது. அவர் அறுபது தமிழ் ஆண்டுகளின் அட்டவணையைப் பார்த்திருக்கிறார். தாதுவுக்கு நேரே மூன்று ஆண்டுகள் வரும்: 1876, 1936, 1996. முதலாவது, தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் அந்தக் கொடிய பஞ்சத்தின் ஆண்டு. மூன்றாவதில் வாத்தியார் ஓய்வே பெற்றுவிட்டார். ஆகவே 1936 என்று எழுதிவிட்டார். அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் இருப்பது அந்த வருஷம் தொடங்கும் ஆங்கில ஆண்டு மட்டும்தான்.

தாது வருஷம் 1936 ஏப்ரல் நடுவில் பிறந்து, 1937 ஏப்ரல் நடுவில் முடிந்தது. சித்திரையில் தொடங்கிக் கார்த்திகை வரை எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் 1936 சரி. மார்கழி இரண்டு ஆண்டிலும் கால் வைத்து நிற்கும். அதற்குத் தேதி தெரிய வேண்டும். தை, மாசி, பங்குனி மூன்றும் முழுக்க 1937-ல் அடங்கிவிடும். தைப்பூசம் என்று சொன்ன பிறகு 1936 ஆக வழியே இல்லை. தமிழ் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றும்போது மிக அதிகமாக நேரும் தவறு இதுதான். தை முதல் பங்குனி வரை பிறந்த அத்தனை பேருக்கும் ஒரு வயது கூடிவிடும்.

பேத்தியின் கையில் இருந்த முதல் ஆதாரம் ஒரு பழைய நோட்டு. கொள்ளுத்தாத்தா கொடுக்கல் வாங்கல் கணக்கு எழுதி வைத்தது. அட்டையின் உள்பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த விவரம். தாது வருஷம், தை மாதம், பூச நட்சத்திரம், செவ்வாய்க்கிழமை என்று நான்கே சொற்களில் முடிந்துபோகிற ஒரு வரி, மை மங்கி இன்னும் இருக்கிறது. ஆங்கிலத் தேதி இல்லை. ஆனால் கிழமை இருக்கிறதே, அது பெரிய சொத்து. பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தால் அந்தத் தைப்பூசம் 1937 ஜனவரி 26, செவ்வாய்க்கிழமை. முந்தைய ஆண்டின் தைப்பூசம் செவ்வாயில் அமையவில்லை. அது யுவ வருஷமும்கூட. வருஷம், மாதம், நட்சத்திரம், கிழமை நான்கும் ஒரே நாளில் வந்து பொருந்தினால் அந்தக் குறிப்பை நம்பலாம். கிழமை மட்டும் இடறினால், பிற்பாடு நினைவிலிருந்து எழுதியதாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

இந்த இடத்தில் நாளிதழ் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. “பள்ளிக்கூடத்துல விசாரிச்சோம்மா. சர்வீஸ் ரிஜிஸ்டர்ல 1.6.1936-னு இருக்காமே. அப்ப நாங்க போட்டது சரிதானே?”

இரண்டு இடத்தில் ஒரே ஆண்டு இருந்தால் யாருக்கும் அது உறுதி என்றுதான் தோன்றும். ஆனால் இங்கே இரண்டு 1936-க்கும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. பணிப் பதிவேட்டில் உள்ள தேதி பள்ளிச் சான்றிதழிலிருந்து வந்தது. சான்றிதழில் உள்ளது, பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று எழுதிக்கொண்டது. 1941 ஜூனில் பையனுக்கு நாலரை வயதுகூட நிறையவில்லை. சேர்க்க ஐந்து நிறைந்திருக்க வேண்டும். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்லியிருப்பார்கள். வளர்த்தியான பிள்ளை, தொட்டுவிட்டான். தலைமையாசிரியர், ஜூன் முதல் தேதிக்கு ஐந்து நிறையும்படி ஒரு தேதியைப் போட்டு சேர்த்துக்கொண்டார். அந்தத் தலைமுறையில் ஏராளமானோருக்கு மே, ஜூன், ஜூலையிலேயே பிறந்தநாள் வருவது இதனால்தான். பின்னாளில் இந்த வாத்தியாரே எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி ஜூன் தேதி போட்டுக் கொடுத்தவர்.

பதிவேட்டுத் தேதி பொய் என்று பேத்தி வாதாடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. அது சட்டப்படியான தேதி. அதை வைத்துத்தான் தாத்தா 58 வயது நிறைந்ததாக 1994 மே 31-ல் ஓய்வுபெற்றார். உண்மைத் தேதி பதிவாகியிருந்தால் 1995 ஜனவரியில்தான் 58 நிறைந்திருக்கும். அந்தக் கல்வியாண்டு முடியும்வரை வகுப்பில் நின்றிருப்பார். நாலரை வயதில் கிடைத்த ஒரு வருடத்தைக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நோட்டு வீட்டுக்குள்ளே எழுதியது. வெளியார் எழுதிய சான்று ஒன்றும் இருந்தால் நல்லது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு வெகுமுன்பே, 1899-ஆம் ஆண்டு மதராஸ் சட்டப்படி இங்கே பதிவு நடந்திருக்கிறது. கிராமத்தில் அதை எழுதியவர் கிராம முன்சீப். 1980-ல் அந்தப் பதவி ஒழிந்தது. பழைய பதிவேடுகள் தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ மிஞ்சியிருந்தால் உண்டு. செல்லரித்துப் போன ஊர்களும் பல. இந்த ஊருக்கு அந்த ஆண்டு ஏடு தப்பியிருந்தது. அதில் குழந்தையின் பெயர் இல்லை. ஆண் குழந்தை, தகப்பன் பெயர், தாய் பெயர், தேதி, அவ்வளவே. பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுவதால் அந்தக் கால ஏடுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

பெயர் இல்லாத பதிவில் ஓர் ஆபத்து உண்டு. அதே தாய் தகப்பனுக்கு முன்னும் பின்னும் பிறந்த இன்னொரு மகனுடைய பதிவாகவும் அது இருக்கலாம். பிறந்து தவறிப்போன குழந்தையுடையதாகவும் இருக்கலாம். அதனால் பேத்தி அந்த ஒரு பக்கத்தோடு நிற்காமல், அடுத்த சில ஆண்டுகளின் பதிவுகளையும் பார்க்கச் சொல்லிக் கேட்டார். நோட்டில் தாத்தாவுக்கு அடுத்ததாக ஒரு பெண் பிள்ளை. பதிவேட்டிலும் அடுத்து வந்தது பெண்தான். வரிசை பொருந்தியது.

இவை தவிர, கொள்ளுப்பாட்டி அடிக்கடி சொன்ன ஒரு பேச்சும் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். “மஞ்சப் பெட்டிக்கு ஓட்டுக் கேட்டு வந்தாங்கல்ல, அப்ப இவன் பொறந்து மாசம்கூட ஆகலை.” மஞ்சள் பெட்டி, 1937 பிப்ரவரியில் நடந்த சென்னை மாகாணத் தேர்தலில் காங்கிரஸுக்கு உரிய ஓட்டுப்பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, ஊரறிந்த ஒரு நிகழ்ச்சியோடு பிள்ளையின் பிறப்பை முடிந்து வைத்திருக்கிறாள். அடுத்த மாகாணத் தேர்தல் 1946-ல். அப்போது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். ஆகவே இந்தப் பேச்சுக்கு வேறு ஆண்டே கிடையாது. இதைக் கடிதத்தில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் பெரியவர்களிடம் கேட்கும்போது ‘எந்த வருஷம்’ என்று கேட்காதீர்கள். அப்போது ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

முதலில் எழுதிய கடிதத்தில் தாத்தாவின் பெருமை நான்கு பக்கம் இருந்தது. அப்படியே போயிருந்தால் வாசகர் கடிதப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பார்கள், திருத்தமாக அது வந்திருக்காது. அனுப்பியது இது:

‘ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில், பள்ளி நூற்றாண்டு விழாவையொட்டி ஐந்தாம் பக்கத்தில் வெளியான கட்டுரையில், என் தாத்தா 1936-ல் பிறந்ததாக அச்சாகியுள்ளது. அவர் பிறந்தது 1937 ஜனவரி 26. விழா மலரில் உள்ள தாது வருடம், தைப்பூசம் என்ற குறிப்பை ஆங்கில ஆண்டுக்கு மாற்றியதில் இது நேர்ந்திருக்கலாம். தாது வருடத்துத் தை மாதம் 1937-ல் வந்தது. பணிப் பதிவேட்டில் 1.6.1936 என்று இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது எழுதப்பட்ட தேதி. இதையும் தங்கள் கவனத்துக்குத் தருகிறேன். குடும்பக் குறிப்பின் படமும் பிறப்புப் பதிவின் நகலும் இணைத்துள்ளேன். கட்டுரையின் மற்றச் செய்திகள் சரியானவை. பிறந்த ஆண்டு 1937 என்று திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.’

எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், அச்சானது என்ன, சரியானது என்ன, எதனால் என்று ஆசிரியர் இலாகாவுக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. எதிர்த்தரப்பு ஆதாரத்தையும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டதால் மறுபடி விசாரிக்கும் வேலையும் மிச்சம். கடிதத்தை யாருக்கு அனுப்புவது என்று தேட வேண்டியதில்லை. நாளிதழில் ஆசிரியர், அச்சிட்டு வெளியிடுபவர் பெயரும் முகவரியும் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் கட்டாயம் இருக்கும். பதிலே வராவிட்டால், நாளிதழ் விஷயத்தில் இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு எழுதலாம். அதற்கும் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். பிறந்த ஆண்டுக்காக அவ்வளவு தூரம் போக நேருவது அபூர்வம்.

திருத்தம் வந்தது, இரண்டு வரியில். ஆனால் பழைய இதழ் பழைய இதழ்தான். சென்னை கன்னிமாரா நூலகம் போன்ற இடங்களில் நாளிதழ்கள் தேதிவாரியாகத் தொகுப்பாகிவிடும். கட்டுரை ஒரு நாளில் இருக்கும், திருத்தம் வேறொரு நாளில் இருக்கும். முன்னதைப் படிப்பவர் பின்னதைத் தேடிப் போகமாட்டார். அதனால் அந்தத் திருத்தத்தின் நகலைப் பள்ளிக்கும் விழா மலர்க் குழுவுக்கும் கொடுத்து, மலரின் மீதிப் பிரதிகளில் ‘1937 ஜனவரி 26’ என்று ஒரு சீட்டு ஒட்டவைத்தார். இணையப் பதிப்பில் கட்டுரையிலேயே ஆண்டை மாற்றிவிட்டார்கள்.

பாட்டியின் குடும்ப ஓய்வூதியத் தாள்களில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் கேட்காத பிறந்த தேதித் திருத்தத்தை அரசு ஏற்பதில்லை, அந்தக் கெடு என்றோ முடிந்துபோயிற்று. ஒரு தாளில் 1936, இன்னொன்றில் 1937 என்று மாறிக் கிடந்தால் பாட்டிதான் கருவூலத்துக்கு அலைய வேண்டிவரும். அந்தத் தாள்கள் எல்லாவற்றிலும் தாத்தா 1.6.1936 அன்றுதான் பிறந்திருக்கிறார்.