பீட்டா மாறினாலும் அசையாத மின்னோட்டம்

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய பிசி547 டிரான்சிஸ்டர்களை மல்டிமீட்டரில் சோதித்தால், ஒவ்வொன்றும் ஒவ்வோர் எண்ணைக் காட்டும். பேஸில் நுழையும் மின்னோட்டம் கலெக்டரில் எத்தனை மடங்காகிறது என்பதே அந்த எண், பெயர் பீட்டா. அது 110 முதல் 800 வரை எங்கேயும் இருக்கலாம் என்று தயாரிப்பாளர்களின் அட்டவணையே சொல்கிறது. சூடேறினால் இன்னும் கூடும்.

மைக்கின் சிறிய ஒலிக்குறியைப் பெருக்கும் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்வழங்கி 12 வோல்ட், கலெக்டரில் 5.6 கிலோ ஓம் மின்தடை. குறி இல்லாதபோது கலெக்டர் 6 வோல்ட்டை ஒட்டி நின்றால்தான் அலை மேலும் கீழும் தாராளமாக அசைய இடம் இருக்கும். பேஸுக்கு 12 வோல்ட்டிலிருந்து 2.2 மெகா ஓம் ஒன்றை மட்டும் போட்டால், பீட்டா 200 உள்ள டிரான்சிஸ்டரில் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் ஓடும். கலெக்டர் சரியாக நடுவில் நிற்கும். அதைக் கழற்றிவிட்டு பீட்டா 400 உள்ளதைப் பொருத்தினால் மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. கலெக்டர் அரை வோல்ட்டுக்கு இறங்குகிறது. அலையின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டு, குரல் கரகரக்கிறது.

இதற்கு மாற்று, எமிட்டருக்கும் தரைக்கும் நடுவே 1.5 கிலோ ஓம் மின்தடை. பேஸுக்கு 47 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் சேர்ந்து 12 வோல்ட்டைப் பங்கிட்டு, ஏறக்குறைய 2.1 வோல்ட் தருகின்றன. கலெக்டர் மின்னோட்டம் கூட முயன்றால் எமிட்டர் மின்தடையின் மேல் விழும் மின்னழுத்தமும் கூடும். பேஸோ இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கி, பேஸ் மின்னோட்டம் குறைகிறது. கூட முயன்றது தானாகவே அடங்குகிறது. வெளியிலிருந்து யாரும் திருக வேண்டியதில்லை என்பதுதான் இதன் அழகு.

கணக்கிட்டால், பீட்டா 110 என்றால் 0.89 மில்லி ஆம்பியர். 800 என்றால் 0.93. ஏழு மடங்கு வேறுபாட்டுக்கு விளைவு ஐந்து சதவீதம் மட்டுமே.

ஆனால் பேஸ் உண்மையிலேயே அசையாமல் நிற்க வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பங்கீட்டு மின்தடைகளை 470, 100 கிலோ ஓம் என்று பத்து மடங்காக்கினால், பேஸ் இழுக்கும் சிறு மின்னோட்டமே அந்த 2.1 வோல்ட்டைச் சரித்துவிடும். அதே இரு டிரான்சிஸ்டர்களில் இப்போது 0.62, 0.88 மில்லி ஆம்பியர். பங்கீட்டில் ஓடுவது பேஸ் இழுப்பதைப் போல் பத்து மடங்காவது இருக்கட்டும் என்று வடிவமைப்பாளர்கள் பார்ப்பது இதனால்தான்.

இன்னொரு விலையும் உண்டு. எமிட்டர் மின்தடை, ஒலிக்குறியையும் ஏற்றம் என்றே கருதி அடக்கிவிடும். பெருக்கம் நான்கு மடங்குக்கும் கீழே போய்விடும். அந்த மின்தடைக்கு இணையாக 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைப் போட்டால், ஒலிக்குறி அதன் வழியே தரைக்குப் போய்விடும். நேர்மின்னோட்டம் மட்டும் மின்தடையின் பிடியில் இருக்கும். பெருக்கம் 200 மடங்கை ஒட்டி எழும்.

சரிபார்க்க எமிட்டர் மின்னழுத்தம் ஒன்றை அளந்தால் போதும். 2.1இல் பேஸ்–எமிட்டர் சந்தியின் 0.7ஐக் கழித்தால் 1.4 வோல்ட். மீட்டர் 1 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால், டிரான்சிஸ்டரை மாற்றுவதற்கு முன் பங்கீட்டு மின்தடைகளைப் பார்க்க வேண்டும்.