இருபது நிமிடம் வாழ்ந்த குழந்தை

மருத்துவம் படித்தபோது மாவட்டச் சுகாதார அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்குப் போனேன். பிரசவப் பதிவேட்டிலிருந்து கணக்கெடுப்பது என் வேலை. ஒரு வரியில் ‘இறந்து பிறந்தது’ என்றிருந்தது. பக்கத்திலேயே தாதி ‘20 நிமிடம் இதயத்துடிப்பு’ என்று எழுதியிருந்தார்.

இரண்டும் சரியாக இருக்க முடியாது. உலகச் சுகாதார நிறுவன வரையறைப்படி, முழுமையாக வெளிவந்த குழந்தை மூச்சுவிட்டாலோ இதயம் துடித்தாலோ அது உயிருடன் பிறந்ததுதான். எத்தனை வாரக் கர்ப்பம் என்று பார்ப்பதில்லை.

எளிய எண்களில் பாருங்கள். மக்கள்தொகை 100,000, ஓராண்டில் உயிருடன் பிறந்தவர்கள் 1,200 என்று வைத்துக்கொள்வோம். பிறப்புகளை ஆண்டின் நடுப்பகுதி மக்கள்தொகையால் வகுத்து 1,000ஆல் பெருக்கினால் பிறப்பு விகிதம் 12. சிசு மரண விகிதத்துக்கு மக்கள்தொகை வேண்டாம். ஒரு வயதுக்குள் இறந்தவர்களை அதே ஆண்டில் உயிருடன் பிறந்தவர்களால் வகுத்து 1,000ஆல் பெருக்குவார்கள். 6 பேர் இறந்திருந்தால் விகிதம் 5.

இறந்து பிறந்த குழந்தை இந்த இரண்டு கணக்கிலும் வராது. அந்த ஒரு வரியைத் திருத்தினால் பிறப்பு 1,201, மரணம் 7. பிறப்பு விகிதம் ஏறக்குறைய அசையவில்லை. சிசு மரண விகிதமோ 5.8 ஆகிவிட்டது! அதனால்தான் சிறிய மாவட்டத்தில் அந்த விகிதம் திடீரென்று குறைந்தால் நான் உடனே மகிழ்வதில்லை. இறந்து பிறந்தவற்றின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

மேற்பார்வையாளரிடம் காட்டினேன், விசாரித்துத் திருத்தினார்கள். அந்தத் தாய்க்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றும் இறப்புச் சான்றிதழ் ஒன்றும் கிடைத்தன. முன்பே யோசித்து வைத்திருந்த பெயரையே இரண்டிலும் எழுதச் சொன்னார்.