மாலை மணி அடிப்பதற்குள் ஒரு பதில்

'வதந்திகளை நம்ப வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.' பள்ளியைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஏதாவது பரவினால் பெரும்பாலான தலைமையாசிரியர்களும் முதல்வர்களும் முதலில் எழுதும் வரி இதுதான். பெற்றோரை வாசலுக்கு ஓடவைப்பதும் பல நேரம் இதே வரிதான். குழுவில் வந்ததைப் படித்துவிட்டுப் பதறும் ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: என் பிள்ளை இப்போது வகுப்பில் இருக்கிறாளா? அதற்குப் பதில் சொல்லாமல் புத்தி சொல்ல ஆரம்பித்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ஒரு கற்பனைப் பள்ளியை வைத்து இதைப் பார்ப்போம். ஈரோடு பக்கம் ஒரு சிற்றூர், அங்கே ஒரு மெட்ரிக் பள்ளி. வியாழக்கிழமை காலை 11:30 மணிக்கு மூன்றாம் வகுப்புப் பெற்றோர் குழுவில் ஒரு செய்தி வருகிறது. 'அவசரம். நம்ம ஸ்கூல் பின் கேட்ல வெள்ளை ஆம்னில வந்தவன் மூணாங்கிளாஸ் பொண்ணைத் தூக்கப் பாத்திருக்கான். புள்ள கத்தினதால விட்டுட்டான். ஸ்கூல்ல அமுக்கப் பாக்கிறாங்க. எல்லாரும் போய்ப் புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துருங்க.' பன்னிரண்டு மணிக்குள் மற்ற வகுப்புக் குழுக்களுக்கும் அது போய்விடுகிறது. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி விழுந்திருக்கிறது. ஐந்து கைகளாவது மாறி வந்த செய்திக்குத்தான் வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடும். ஆனால் யாராவது அதை நகலெடுத்துப் புதிதாக ஒட்டி அனுப்பினால் குறி மறைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணால் கண்டு எழுதியதைப் போலவே தெரியும்.

இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமில்லை. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர் அலறியடித்துக்கொண்டு பள்ளி வாசல்களில் கூடினார்கள். சோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை, புரளி என்று காவல்துறை சொன்னது. அன்று ஓடிப்போனவர்களில் யாரைக் குறை சொல்ல முடியும்?

நம் முதல்வருக்கு இருப்பது மாலை 3:45 மணி வரைதான். அப்போது மணி அடித்துக் கதவு திறக்கும். அதற்கு முன்பே இருநூறு முந்நூறு பேர் வாசலில் நெருக்கியடித்தால், எந்தப் பிள்ளையை யார் கூட்டிப்போகிறார்கள் என்று ஒரு வாட்ச்மேனால் பார்க்க முடியாது. பிள்ளை தவறான கைக்குப் போகும் வாய்ப்பு உண்மையிலேயே கூடுவது அந்த நெரிசலில்தான். அதனால் ஒரு மணிக்காவது பதில் வெளியே போயாக வேண்டும்.

ஆனால் எழுத உட்காருவதற்கு முன் விசாரிக்க வேண்டும். முதலில் வருகைப் பதிவேடு. காலையில் எடுத்த கணக்கு போதாது. ஒவ்வொரு வகுப்பிலும் இப்போது தலை எண்ணச் சொல்ல வேண்டும். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு வகுப்பாசிரியர்களே போன் போட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அடுத்து பின்வாசல் கேமரா, வாட்ச்மேனின் பதிவேடு. பிறகு, பலரும் மறந்துவிடுகிற ஆட்கள்: ஆயாம்மா, வேன் டிரைவர்கள், எதிரே டீக்கடை வைத்திருப்பவர். கடைசியாக உள்ளூர்க் காவல் நிலையம். அப்படி ஏதாவது புகார் வந்திருக்கிறதா என்று கேட்டு, பேசிய அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் கதையில் முடிச்சு ஆயாம்மாவிடம் அவிழ்கிறது.

"நேத்து சாயந்திரம் ஒரு பாப்பா அழுதுச்சுங்க மேடம். தினமும் வர்ற ஆட்டோக்காரருக்குக் காய்ச்சலாம், அவுங்க மாமா ஆம்னி எடுத்துட்டு வந்தாரு. வண்டி புதுசுன்னு பாப்பா ஏற மாட்டேன்னுச்சு. நான் விடலீங்க. அவுங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் அனுப்பினேன்."

"பதிவேட்டுல எழுதினீங்களா ஆயாம்மா?"

"இல்லீங்க மேடம். நேரமாயிருச்சு."

கேமராவில் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கிறது. தெருவில் நின்ற யாரோ, ஆம்னியையும் அழும் பிள்ளையையும் கையைப் பிடித்து இழுக்கும் ஆளையும் பார்த்திருக்கிறார். அவர் கண்டது பொய்யில்லை. அதற்கு அவரோ, கேட்டவரோ சேர்த்த அர்த்தம்தான் தவறு. பள்ளிகளைப் பற்றிக் கிளம்பும் பேச்சுகளில் பல இந்த வகைதான். முழுக் கட்டுக்கதை குறைவு, பாதி பார்த்த காட்சி அதிகம்.

இந்த இடத்தில்தான் முதல்வர் சறுக்கக்கூடும். 'அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை' என்று எழுதினால், 'நான் என் கண்ணால பார்த்தேன்' என்று அந்தத் தெருக்காரர் பத்து நிமிடத்தில் குழுவில் சொல்லிவிடுவார். அதன்பிறகு பள்ளி எழுதும் எதற்கும் மதிப்பிருக்காது. நம் முதல்வர் 12:50 மணிக்கு அனுப்பும் பதில் இப்படி இருக்கலாம்:

'அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம். வியாழக்கிழமை, பகல் 12:50. இன்று பள்ளிக்கு வந்த எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வகுப்பில் இருக்கிறார்கள். 12:20 மணிக்கு மறுபடி எண்ணிப் பார்த்தோம். வராத பிள்ளைகளின் வீடுகளுக்கும் பேசிவிட்டோம்; அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

பின்வாசலில் ஒரு குழந்தையைக் கடத்த முயன்றதாக ஒரு செய்தி பரவுகிறது. அது கடத்தல் முயற்சி அல்ல. நேற்று மாலை ஒரு குழந்தையை அழைத்துப்போக உறவினர் ஒருவர் வழக்கமில்லாத வண்டியில் வந்தார். குழந்தை ஏற மறுத்து அழுதது. எங்கள் ஊழியர் தடுத்து நிறுத்தி, தாயாரிடம் போனில் கேட்ட பிறகே அனுப்பினார். கேமராப் பதிவிலும் இதைப் பார்த்தோம். குழந்தையின் தாயாரிடம் இன்றும் பேசினோம். கடத்தல் புகார் எதுவும் வரவில்லை என்று காவல் நிலையத்திலும் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

எங்கள் பக்கம் ஒரு குறை உண்டு. ஆள் மாறி வந்ததைப் பதிவேட்டில் எழுதவில்லை. இன்று மாலையிலிருந்து, வழக்கமாக வருபவர் அல்லாத யார் வந்தாலும் பெற்றோரிடம் போனில் கேட்டு, கையெழுத்து வாங்கிய பிறகே பிள்ளையை அனுப்புவோம். அதனால் கொஞ்சம் தாமதமாகலாம். பள்ளி வழக்கம்போல் 3:45 மணிக்கு விடும். முன்னதாக அழைத்துப்போக விரும்புகிறவர்கள் முன்வாசல் அலுவலகத்துக்கு வாருங்கள், மறுக்க மாட்டோம். நீங்கள் நேரில் எதையாவது பார்த்திருந்தால் என்னிடமே சொல்லுங்கள். சந்தேகப்படும்படி யாரையாவது கண்டால் 112 அல்லது 100க்குக் கூப்பிடுங்கள். நீங்களே பிடிக்கவோ மடக்கவோ வேண்டாம். மாலை 5 மணிக்கு மறுபடி எழுதுகிறேன். முதல்வர்.'

பரவிய செய்தியை இந்தக் கடிதம் ஒரே ஒரு வரியில்தான் சொல்கிறது, அதுவும் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகு. வதந்தியைத் திருப்பிச் சொன்னாலே அது மனதில் பதிந்துவிடும் என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் அதிகம் பயந்தார்கள். அந்தப் பயம் சற்று மிகை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. எதை மறுக்கிறோம் என்று ஒரு முறை தெளிவாகச் சொல்வதில் தவறில்லை. பரவிய செய்தியின் படத்தைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புவதுதான் ஆபத்து. படம் தனியாகக் கழன்று அடுத்த ஊருக்குப் போய்விடும்.

குழந்தையின் பெயரோ வகுப்போ கடிதத்தில் இல்லை. 'உறவினர்' என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். கேமராப் பதிவை ஆதாரமாகக் குழுவில் போடச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். போடக்கூடாது. ஒரு எட்டு வயதுப் பிள்ளை அழும் காட்சி ஊர் முழுக்கச் சுற்றும். பார்த்தே தீரவேண்டும் என்பவர் அலுவலகத்துக்கு வந்தால், நடந்ததை முதல்வரே நேரில் விளக்கலாம்.

'நீங்களே பிடிக்க வேண்டாம்' என்ற வரியை ஏதோ சம்பிரதாயத்துக்குச் சேர்த்தது என்று நினைத்துவிடக்கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணியைப் பிள்ளைபிடிப்பவர் என்று எண்ணி ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய கடத்தல் வீடியோ ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படத்தின் வெட்டிய துண்டு. பைக்கில் வந்தவர்கள் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் பகுதி அதில் இல்லை. நம் கற்பனை ஊரிலும் வெள்ளை ஆம்னி ஓட்டும் ஒருவர் அன்று மாலை பள்ளிப் பக்கம் வரத்தானே செய்வார்.

இந்தக் கடிதத்தில் 'சைபர் கிரைமில் புகார் செய்வோம்' என்ற வரி இல்லை என்பதைச் சில தாளாளர்கள் குறையாகச் சொல்வார்கள். பொய்ச் செய்தி பரப்பிப் பீதி கிளப்புவதற்கு எதிராகச் சட்டம் உண்டு என்பது சரிதான். ஆனால் முதல் கடிதத்திலேயே மிரட்டினால், பார்த்தவர் வாயை மூடிக்கொள்வார். அவர் பார்த்தது என்ன என்பது பள்ளிக்குத் தெரியாமலே போய்விடும்.

அடுத்த சிக்கல், முதல்வர் அந்தக் குழுவிலேயே இல்லை என்பது. அதைத் தொடங்கியவர்கள் பெற்றோர். ஆகவே கடிதம் இன்னொருவர் கை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பள்ளி முத்திரைத்தாளில் தேதி, நேரம், கையெழுத்தோடு படமாக ஒன்று. எழுத்துப் பெரிதாக்கிப் படிக்கிறவர்களுக்காக அதே வாசகம் வெறும் எழுத்தாக ஒன்று. இரண்டும் வகுப்பாசிரியர் வழியாகவும் பள்ளியின் குறுஞ்செய்தி வழியாகவும் போகும். கூடவே முதல்வரே தன் குரலில் பேசிய ஒரு நிமிடப் பதிவு. பிள்ளையைக் கூப்பிட வருகிற தாத்தாவும் பாட்டியும் கடிதத்தைப் படிப்பதைவிடக் குரலைக் கேட்பதே அதிகம். வதந்தியும் சில நேரம் குரலாக வருகிறது. வாசல் பலகையில் ஒரு தாளும் ஒட்டிவிடலாம்.

பரவும் செய்தி பாலியல் துன்புறுத்தலைப் பற்றியதாக இருந்தால் மேலே சொன்ன வழி பொருந்தாது. 'விசாரித்தோம், ஒன்றுமில்லை' என்று எழுதும் உரிமை முதல்வருக்குக் கிடையாது. 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அப்படி ஒரு குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரியவந்தாலே காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதே தண்டனைக்குரிய குற்றம். உள்விசாரணை நடத்திவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று காத்திருக்கக்கூடாது. பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது 23ஆம் பிரிவு. அப்போது பெற்றோருக்கு எழுத முடிவது கொஞ்சம்தான்: ஒரு புகார் எங்கள் கவனத்துக்கு வந்தது, இன்ன நேரத்தில் காவல்துறையிடம் தெரிவித்துவிட்டோம், பிள்ளைகளோடு யாராவது பேச விரும்பினால் 1098 எண் இருக்கிறது, பெயர்களை ஊகித்துப் பகிர வேண்டாம். அந்தக் கடிதம் யாருக்கும் நிம்மதி தராது. தரவும் கூடாது.

நம் மூன்றாம் வகுப்புக்குத் திரும்பினால், மாலை 5 மணிக் கடிதம் மிச்சமிருக்கிறது. பதற்றம் அடங்கியதும் இதை விட்டுவிடுகிற பள்ளிகள்தான் அதிகம். எழுதுகிறேன் என்று சொன்ன நேரத்தில் எழுதுவதற்காகவாவது அது போக வேண்டும். நாலே வரி போதும்: எல்லாப் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தாயிற்று, இன்று ஆள் மாறி வந்தவர்கள் இத்தனை பேர், அத்தனை பேரையும் போனில் கேட்டே அனுப்பினோம், திங்கள் முதல் அழைத்துப்போகும் அட்டை வரும், அட்டைக்கு இரண்டு பேருடைய படமும் போன் நம்பரும் நாளைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

அந்தச் செய்தியை முதலில் குழுவில் போட்ட அம்மாவுக்கு முதல்வர் தனியாகப் போன் செய்யலாம், குழுவில் பெயர் சொல்லிக் கண்டிக்காமல். "நீங்க பயந்தது தப்பில்லைம்மா. அடுத்த தடவை குழுவுல போடறதுக்கு முன்னாடி இந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க, நானே எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு, தன் சொந்த நம்பரைத் தரலாம். தந்துவிட்டால் இரவு பத்து மணிக்கும் எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.