கண்டதா, கேட்டதா? துருக்கி மொழியின் இரண்டு விகுதிகள்

அங்காரா நகரில் மெஹ்மத் என்று ஒரு பையன் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இரவு பத்து மணிக்கு அவன் சன்னலருகே நின்று மழை பெய்வதைப் பார்க்கிறான். மறுநாள் பள்ளியில் அவன் சொல்வது: "யாமுர் யாது." யாமுர் என்றால் மழை, யாது என்றால் பெய்தது. (ஈற்றில் உள்ள உகரத்தை நம் குற்றியலுகரம் போல உதட்டைக் குவிக்காமல் சொல்லுங்கள், துருக்கியின் உச்சரிப்பு அநேகமாக வந்துவிடும்.)

அவனுடைய நண்பன் அலி இரவெல்லாம் நன்றாகத் தூங்கியவன். காலையில் கதவைத் திறந்தால் தெரு ஈரமாக இருக்கிறது. கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டுகிறது. அவன் "யாமுர் யாது" என்று சொல்ல மாட்டான். "யாமுர் யாமுஷ்" என்பான். மழை அதே மழைதான். மாறியது வினைச்சொல்லின் கடைசி அசை மட்டுமே.

துருக்கி மொழியில் நடந்து முடிந்ததைச் சொல்ல இப்படி இரண்டு விகுதிகள் உண்டு. ஒன்று 'தி', மற்றொன்று 'மிஷ்'. முன்னால் உள்ள உயிரொலிக்கு ஏற்ப இவற்றின் உயிர் சற்று மாறும். அதனால்தான் மேலே 'து', 'முஷ்' என்று வந்தன. 'வந்தான்' என்பதற்குக் கெல்தி, கெல்மிஷ் என இரு வடிவங்கள். வந்ததை நானே கண்டேன் என்றால் கெல்தி. நான் காணவில்லை, வேறு வழியில் அறிந்தேன் என்றால் கெல்மிஷ். 11ஆம் நூற்றாண்டிலேயே துருக்கிய மொழிகளுக்கு அகராதி தொகுத்த மஹ்மூத் அல் கஷ்காரி என்ற அறிஞர் இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்திருக்கிறார்.

"நம் தமிழிலும் 'வந்தானாம்' என்று உண்டே!" என நீங்கள் கேட்கக்கூடும். உண்டுதான். ஆனால் நம்முடைய 'ஆம்' பிறர் சொல்லக் கேட்டதற்கு மட்டுமே உரியது. ஈரத் தெருவைப் பார்த்து யாரும் "மழை பெய்ததாம்" என்பதில்லை. "மழை பெய்திருக்கிறது" என்றுதான் சொல்வோம். துருக்கியின் 'மிஷ்' இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்கிறது. அடையாளம் கண்டு ஊகித்தாலும் மிஷ். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கேட்டாலும் மிஷ். இன்னொரு வேறுபாடும் உண்டு. நாம் 'ஆம்' சேர்க்காமல் "வந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். நேரில் பார்த்தாயா என்று அந்தச் சொல்லை வைத்து யாரும் நம்மைப் பிடிக்க முடியாது. துருக்கியரோ அன்றாடப் பேச்சில் நடந்து முடிந்த ஒன்றைச் சொல்லும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

ஆங்கிலத்தில் இந்த விகுதி இல்லை. 'இட் ரெயின்ட்' என்ற வாக்கியம், சொன்னவர் நனைந்தவரா, ஈரத்தைப் பார்த்தவரா, வானொலியில் கேட்டவரா என்பதைக் காட்டாது. அப்படியானால் ஆங்கிலேயர் என்ன செய்கிறார்கள்? தேவைப்படும்போது தனிச் சொற்களைச் சேர்த்துக் கொள்கிறார்கள். ஊகமானால் 'மஸ்ட் ஹாவ்'. கேள்விப்பட்டதானால் 'ஐ ஹியர்', 'தே சே'. இரண்டுக்கும் பொதுவாக 'அப்பேரன்ட்லி'. இந்தச் சொற்கள் இருப்பதால் குறை தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் எவ்வளவு தீர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சோதித்துப் பார்ப்போம்.

ஒரு விபத்து வழக்கு. ஆங்கிலம் வழங்கும் ஒரு நீதிமன்றம். துருக்கி மொழி மட்டுமே அறிந்த ஒரு கடைக்காரர் சாட்சி சொல்கிறார்: "சிற்றுந்து சிவப்பு விளக்கில் கெச்மிஷ்." கெச்மிஷ் என்றால் கடந்தது, ஆனால் அதைத் தாம் பார்க்கவில்லை என்பதும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் "சிற்றுந்து சிவப்பு விளக்கில் கடந்தது" என்று வெறும் இறந்தகால ஆங்கிலத்தில் சொன்னால் என்ன ஆகும்? உள்ளே தராசு நிறுத்துக் கொண்டிருந்தவர் கண்கண்ட சாட்சியாகிவிடுவார்! ஓட்டுநரின் உரிமமும் பிழைப்பும் அந்த ஓர் அசையில் தொங்கலாம்.

சரி, 'மஸ்ட் ஹாவ்' சேர்க்கலாமா? சேர்த்தால், மோதல் சத்தம் கேட்டு வெளியே வந்து, வண்டி நின்ற நிலையைப் பார்த்துக் கடைக்காரரே ஊகித்தார் என்று பொருளாகும். ஒருவேளை ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் அவருக்குத் தெரியுமோ என்னவோ! 'ஐ வாஸ் டோல்ட்' என்றால் அதற்கு நேர்மாறான தவறு நேரலாம். 'மிஷ்' இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லையே. மிஞ்சியிருப்பது 'அப்பேரன்ட்லி'. இது இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைக் கேட்டால், பேசுபவருக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்ற எண்ணம் பலருக்கு வரும். 'மிஷ்' தன்னளவில் ஐயத்தைக் காட்டும் விகுதி அன்று. ஈரத் தெருவைப் பார்த்த அலிக்கு மழை பெய்ததில் துளியும் சந்தேகமில்லை. பெய்யும்போது பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே மூன்று சொற்களில் எதைப் போட்டாலும் மூலத்தில் இல்லாத ஏதோ ஒன்று நுழைந்துவிடுகிறது. இந்த இடத்தில் நல்ல மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது, "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சாட்சியிடம் கேட்க நீதிபதியின் அனுமதியைப் பெறுவதே.

எதிர்த் திசையிலும் தொல்லை உண்டு. ஆங்கிலச் சாட்சி ஒருவர் வெறுமனே "கடந்தது" என்கிறார். அதைத் துருக்கியில் சொல்பவர் கெச்தி என்பதா, கெச்மிஷ் என்பதா? சாட்சி சொல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நான் இயற்பியல் கற்பிப்பவன். செய்முறை ஏட்டில் 'கருவியில் படித்த அளவு' ஒரு பத்தியிலும், 'அதிலிருந்து கணக்கிட்டது' வேறொரு பத்தியிலும் இருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இலக்கணமே அந்தப் பத்திகளைப் போட்டுக் கொடுக்கும் மொழி இருப்பதை அறிந்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் 'தி' என்றாலே கண்ணால் கண்டது என்று கறாராகக் கொள்ளவும் கூடாது. துருக்கி வரலாற்றுப் பாடத்தில் "அத்தாதுர்க் 1881இல் பிறந்தார்" என்பதற்குத் 'தி' வடிவம்தான் வரும். ஆசிரியர் அதை நேரில் பார்த்தவரா என்ன? எல்லாரும் ஏற்றுக்கொண்ட, உறுதிப்பட்ட செய்திக்கும் 'தி' வரும்.

டான் ஸ்லோபின், அய்ஹான் அக்சு என்ற இரு ஆய்வாளர்கள் 1982இல் ஓர் அழகான சோடியைக் காட்டினார்கள். 1974இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகினார். அதே ஆண்டு துருக்கிப் பிரதமர் எசெவிட்டும் பதவி விலகினார். இரண்டையுமே துருக்கி மக்கள் செய்தியாகத்தான் அறிந்தார்கள். ஆனாலும் நிக்சன் விலகியதை 'தி' போட்டும், எசெவிட் விலகியதை 'மிஷ்' போட்டும் சொன்னார்களாம். காரணம் என்ன? நிக்சனின் விவகாரம் பல மாதங்களாக நாளிதழ்களில் ஓடியது, முடிவு எதிர்பார்த்ததே. எசெவிட்டின் விலகலோ திடீரென்று வந்து விழுந்தது. மனம் முன்பே தயாராக இருந்த செய்திக்குத் 'தி', தயாராக இல்லாததற்கு 'மிஷ்' என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதனால்தான் கண்ணெதிரே நடப்பதற்கும் சில சமயம் 'மிஷ்' வருகிறது. உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி உங்கள் தங்கை பாடுவதை முதன்முறை கேட்டு, "அடடே, நன்றாகப் பாடுகிறாளே!" என்று வியந்தால், துருக்கியில் அந்த வினை மிஷ் ஏற்கும். அவர் காதாரக் கேட்டதுதான், ஆனால் எதிர்பாராதது.

ஒருவர் தம்மைப் பற்றியே 'மிஷ்' போட்டுப் பேசவும் கூடும். பேருந்தில் கண்ணயர்ந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி விழித்துக் கொண்டவர் "உயுமுஷும்" என்பார். 'நான் தூங்கிப் போயிருக்கிறேன்' என்று பொருள். தாம் தூங்கியதைத் தாமே எப்படிப் பார்த்திருக்க முடியும்?