'அதானே எல்லாம்': எல்லை தாண்டும் ஒரு விளம்பர வரி

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே வரும் தேசிய நெடுஞ்சாலை 66, பாறசாலையைக் கடந்ததும் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைகளை மாற்றி வரைந்தபோது விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. பேச்சு மட்டும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. காலையில் மலையாளத்தில் பால் வாங்கி, மாலையில் தமிழ் சீரியல் பார்க்கும் வீடுகள் இரண்டு பக்கமும் உண்டு. ஒரே கடையின் விளம்பரத்தை இரண்டு மொழியிலும் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். விளம்பர வரியை மொழி மாற்றுகிறவருக்கு இவர்களைவிடக் கண்டிப்பான பரீட்சகர் கிடையாது.

அப்படி இவர்கள் இரண்டு மொழியிலும் கேட்டுப் பழகிய வரி ஒன்று உண்டு. 1993-இல் திருச்சூரில் தொடங்கிய கல்யாண் ஜுவல்லர்ஸ் மலையாளத்தில் சொல்வது: 'விஸ்வாசம், அதல்லே எல்லாம்.' தமிழில் நடிகர் பிரபு சொல்லி வீட்டுக்கு வீடு பரவியது: 'நம்பிக்கை, அதானே எல்லாம்.' மேலோட்டமாகப் பார்த்தால் சொல்லுக்குச் சொல் மாற்றியதுபோலத் தெரியும். உண்மையில் மூன்று சொல்லில் இரண்டு மாறியிருக்கின்றன. இரண்டும் மாறித்தான் ஆக வேண்டும்.

முதல் சொல்லை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் ஒரு வியாபாரியை நம்புவதும் விஸ்வாசம்தான், கடவுளை நம்புவதும் விஸ்வாசம்தான். தமிழில் 'விசுவாசம்' என்றால் முதலாளிக்கு வேலைக்காரன் காட்டுவது, வளர்த்தவருக்கு நாய் காட்டுவது. இல்லையென்றால் கிறிஸ்தவ சபையில் சொல்வது. நெய்யாற்றின்கரையில் ஒரு லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டமும் பாறசாலையில் ஒரு மலங்கரை கத்தோலிக்க மறைமாவட்டமும் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் 'விசுவாசம், அதுவே எல்லாம்' என்று தமிழில் போர்டு வைத்தால் ஏதோ ஜெபக்கூட்ட அறிவிப்பு என்றுதான் முதலில் நினைப்பார்கள். நகைக்கடைக்குத் தேவையானது நம்பிக்கை. வாங்குகிறவர் கண்ணால் தங்கத்தின் தரத்தைக் காண முடியாது. 916 என்று முத்திரையிட்ட நகையில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட், இருக்கிறது என்பதைக் கடைக்காரரையும் முத்திரையையும் நம்பித்தான் ஏற்கிறோம்.

இரண்டாவது மாற்றம் இன்னும் நுட்பமானது. 'அதல்லே' என்பதை இலக்கணப்படி மாற்றினால் 'அதல்லவா எல்லாம்' என்று வரும். தவறில்லை, ஆனால் மேடை நாடக வாசனை அடிக்கிறது. 'அதானே' என்பது வாயில் வருகிற சொல். 'அதுதானே' சுருங்கி 'அதானே' ஆகிவிட்டது. கேள்விபோல ஒலித்தாலும் பதிலை எதிர்பார்க்காது. 'உனக்கும் தெரிந்த விஷயம், நானும் சொல்கிறேன்' என்று எதிரே இருப்பவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும். அந்த 'தானே'தான் வரியின் உயிர். கடைக்காரர் உபதேசம் செய்யவில்லை, வாடிக்கையாளரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார் என்ற எண்ணம் அதிலிருந்துதான் வருகிறது.

இந்த வரியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது சிக்கல் முளைக்கிறது. எல்லாம் என்பதை 'ஆல்' என்று வைத்து, 'டிரஸ்ட், தட் இஸ் ஆல்' என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். ஆங்கிலக் காதில் 'தட் இஸ் ஆல்' என்பது 'அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை' என்று பேச்சை முடிக்கும் சொல். எல்லாவற்றையும் உள்ளடக்கியது என்று சொல்ல வந்த வரி, 'எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான்' என்று கையை விரித்துவிடுகிறது. கேள்வி வடிவத்தைக் காப்பாற்ற 'டிரஸ்ட், இஸின்ட் தட் எவ்ரிதிங்?' என்று போட்டாலும் சரியாக வராது. தமிழில் உறுதியாக ஒலித்தது, அச்சில் கேள்விக்குறியோடு நிற்கும்போது சந்தேகமாக மாறுகிறது.

இந்த இடத்தில்தான் மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவைக்கிறார். விளம்பரத் துறையில் இந்த வேலைக்கு 'டிரான்ஸ்கிரியேஷன்' என்று பெயர், மறுஆக்கம் எனலாம். வரியில் என்ன சொற்கள் இருக்கின்றன என்பதை விட்டுவிட்டு, அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் எழுதிக்கொள்வார்கள். இந்த வரிக்கு அப்படி எழுதினால் மூன்று வரும்: நம்பிக்கைதான் அடித்தளம் என்கிறது, கேட்பவரை ஒப்புக்கொள்ள வைக்கிறது, ஒரு மூச்சில் சொல்லிவிட முடிகிறது. பிறகு இந்த மூன்றையும் செய்யும் புதிய வரிகளை ஆங்கிலத்திலேயே யோசித்து எழுதுவார்கள். ஒவ்வொன்றையும், மூலத்தைப் பார்க்காத வேறொருவரிடம் கொடுத்துத் தமிழுக்குத் திருப்பச் சொல்வார்கள். எது தப்பித் திரும்புகிறதோ அதில் குறை இருக்கிறது.

சில வரிகளை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். 'டிரஸ்ட் கம்ஸ் ஃபர்ஸ்ட்' என்பது 'நம்பிக்கைக்கே முதலிடம்' என்று திரும்பும். பிழையில்லை, ஆனால் வங்கி, ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர் என்று யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். 'வித்தவுட் டிரஸ்ட், வாட்ஸ் கோல்ட்?' என்பதில் பேச்சின் துள்ளல் இருக்கிறது. ஆனால் 'நம்பிக்கை இல்லாவிட்டால்' என்று இல்லாமையில் தொடங்குகிறது. நகைக்கடை வாசலில் அந்தச் சொல்லை யாரும் விரும்பமாட்டார்கள்.

'ஆஃப்டர் ஆல், இட்ஸ் டிரஸ்ட்' என்ற வரி முதலில் மயக்கும். இங்கிலாந்துக்காரர் காதில் 'ஆஃப்டர் ஆல்' கிட்டத்தட்ட நம் 'தானே'வின் வேலையைச் செய்கிறது. எல்லை ஊர்க்காரர் காதில் கதையே வேறு. 'ஆஃப்டர் ஆல் ஒரு கிளார்க்' என்று சொல்லிப் பழகிய நாட்டில் அதற்கு 'வெறும்', 'அற்ப' என்று பொருள். நம்பிக்கையை அற்பமாக்கும் வரி நகைக்கடைக்கு ஆகாது. ஆங்கிலம் ஒன்றே என்று எண்ணி, எந்த ஊர் ஆங்கிலம் என்று கேட்காமல் விடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் சறுக்கல்.

கல்யாண் நிறுவனம் ஆங்கிலத்தில் பயன்படுத்தியது 'டிரஸ்ட் இஸ் எவ்ரிதிங்.' மூன்றே சொல், ஓடும் பஸ்ஸிலிருந்து படித்துவிடலாம், பொருளும் கோணவில்லை. 'தானே' மட்டும் கழன்று போய்விட்டது. அந்த நெருக்கத்தை விளம்பரத்தில் வரும் முகமும் குரலும்தான் ஈடுகட்ட வேண்டும். இந்தியில் 'விஸ்வாஸ் ஹீ கல்யாண் ஹை' என்று வேறு வழி எடுத்தார்கள். 'கல்யாண்' என்பது கடையின் பெயர். இந்தியில் நன்மை என்றும் பொருள். தமிழில் அதே சொல் கல்யாணத்தைக் குறிப்பதால் இந்தச் சிலேடையை இங்கே கொண்டுவர முடியாது.

வரி சரியாக இருந்தாலும் அதைச் சுற்றிக் கட்டும் கதை தவறலாம். 2018-இல் அமிதாப் பச்சன் தன் மகளோடு நடித்த கல்யாண் விளம்பரத்தில் ஒரு முதியவர், தன் ஓய்வூதியக் கணக்கில் இரண்டு முறை வந்த பணத்தைத் திருப்பித் தர வங்கிக்குப் போகிறார். மலையாள வடிவில் மகளாக மஞ்சு வாரியர் நடித்தார். முதியவரின் நேர்மையை உயர்த்துவதற்காக வங்கி ஊழியர்களை அலட்சியக்காரர்களாகக் காட்டியிருக்கிறார்கள் என்று வங்கி அதிகாரிகள் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. நிறுவனம் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது.

மீண்டும் வரிக்கே வருவோம். புதிதாக ஒரு ஆங்கில வரி எழுதச் சொன்னால், 'இட் ஆல் ரெஸ்ட்ஸ் ஆன் டிரஸ்ட்' என்பதைப் பரிந்துரைக்கலாம். 'எல்லாமே நம்பிக்கை மேலதான் நிக்குது' என்று திரும்புகிறது. 'ஆல்' இந்த முறை 'அவ்வளவுதான்' ஆகவில்லை. 'ரெஸ்ட்', 'டிரஸ்ட்' இரண்டும் ஒன்றையொன்று தொட்டு ஒலிப்பதால் நாக்கில் நிற்கிறது. ஹோர்டிங்குக்கு இரண்டு சொல் அதிகம். நகைப்பெட்டியின் மூடியில், பில்லின் அடியில் கச்சிதமாக உட்காரும்.

பாறசாலையிலோ களியக்காவிளையிலோ புதிதாகக் கடை திறப்பவர்கள் மூன்று மொழியில் போர்டு எழுதுவதற்கு முன், ஒவ்வொரு வரியையும் அந்த மொழியை வீட்டில் பேசும் ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மூல வரியை மட்டும் அவரிடம் காட்ட வேண்டாம்.