எட்டால் வகுத்துப் பாருங்கள்

சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால், டெல்லி வந்து சேர இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் ஆகும். அவ்வளவு நேரமும் குமட்டாமல், நாற்றம் வராமல், தூக்கம் கெடாமல் போக முடியுமா என்பதை டிக்கெட்டில் உள்ள படுக்கை எண்ணே ஓரளவு சொல்லிவிடும்.

எல்எச்பி ஸ்லீப்பர் பெட்டியில் எட்டெட்டாகப் பத்துத் தடுப்புகள், மொத்தம் 80 படுக்கைகள். எண்ணை எட்டால் வகுத்து வரும் மீதியைப் பாருங்கள். 1, 4 என்றால் கீழ்ப்படுக்கை. 2, 5 என்றால் நடு. 3, 6 என்றால் மேல். 7 சைடு லோயர். மீதி இல்லையென்றால் சைடு அப்பர்.

41ஐ எடுத்துக்கொள்வோம். ஐயெட்டு நாற்பது போக மீதி ஒன்று. ஆறாவது தடுப்பு, அதாவது பெட்டியின் நடுவில் கீழ்ப்படுக்கை. எண் 3 வந்தால்? முதல் தடுப்பிலேயே மேல்படுக்கை.

இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய. சக்கரங்களைத் தாங்கும் போகிகள் பெட்டியின் இரு முனைகளை ஒட்டியே இருக்கின்றன. தண்டவாள இணைப்பில் விழும் 'தடக்' ஓசையும் குலுக்கலும் அங்கேதான் அதிகம். ஏற்றப்பலகை விளையாட்டில் நடுவில் இருப்பவர் அதிகம் எழும்பாததுபோல, பெட்டியின் நடுவிலும் மேலும் கீழுமான ஆட்டம் குறைவு. பக்கவாட்டு ஆட்டமோ உயரம் கூடக் கூட அதிகம். தென்னையின் அடி அசையாமல் நிற்க, தலை ஆடுகிறதல்லவா, அதுபோலத்தான்.

கழிவறைகளும் இரு முனைகளில்தான். யாரோ கதவைச் சாத்தாமல் போனால் முதலில் அனுபவிப்பது முதல் தடுப்பும் கடைசித் தடுப்பும். நள்ளிரவு நிலையங்களில் ஏறி இறங்குவோரின் சந்தடியும் அவர்களுக்கே.

ஆனால் கீழ்ப்படுக்கையிலும் ஒரு சங்கடம் உண்டு. இரவு 10 முதல் காலை 6 வரைதான் அது படுப்பதற்கு. பகலில் மற்றவர்களுக்கும் அங்கே இடம் தர வேண்டும். தலைசுற்றலுக்குக் கண்ணை மூடிப் படுத்தால்தான் சரியாகும் என்பவர்களுக்கு, நடுத்தடுப்பின் மேல்படுக்கையே பகலில் உதவும்.

உட்கார்ந்து வருவதானால், வண்டி போகும் திசையைப் பார்த்த ஜன்னலோரம் நல்லது. கண்ணுக்குத் தெரிவதும் உட்காதுக்குத் தெரியும் அசைவும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. அதனால் செல்போனை வைத்துவிட்டுத் தொலைவில் உள்ள மலையையோ பனைமரத்தையோ பாருங்கள். அருகே ஓடும் கம்பங்களைப் பார்த்தால் தலைசுற்றல் கூடும்.

முன்பதிவில் கீழ், மேல் என்று விருப்பம் சொல்லலாமே தவிர, எண்ணை நாமே பொறுக்க முடியாது. ஓர எண் வந்துவிட்டால், நடுத்தடுப்பில் தனியாகப் போகும் ஒருவரிடம் இடம் மாற்றிக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள். மாறினால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லிவிடுவது நல்லது.